எந்த ஆண்டு, யார் வரைந்தது, எதைக் காட்டுகிறது? பழைய படங்களுக்கு மின்காப்பகம் அமைப்பது எப்படி

ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய நகர மண்டபம் ஒன்றின் முகப்பு. கட்டடம் எழுந்தது 1888-இல். படம் எடுத்தது 1930-களில். கையில் இருக்கும் பிரிண்ட், பழைய நெகட்டிவிலிருந்து 1965-இல் மறுபடி போட்டது. ஸ்கேன் செய்தது 2024-இல். கணினியில் விவரம் நிரப்பும் படிவத்தில் "தேதி" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் எதை எழுதுவது?

ஒருவர் 1888 என்று எழுதுவார். அடுத்த வாரம் அதே மேசையில் உட்காரும் இன்னொருவர், அதே கட்டடத்தின் வேறொரு படத்துக்கு 1965 என்று எழுதுவார். மூன்றாவது படத்துக்கு யாரும் எதுவும் எழுதாமல் விட, மென்பொருளே ஸ்கேன் செய்த நாளை எடுத்துக்கொள்ளும். மூவரும் தவறு செய்யவில்லை. அவரவர் எழுதியது உண்மைதான். ஆனால் நாற்பது ஆண்டு கழித்து ஒருவர் 1930-களின் படங்களைத் தேடினால் மூன்றில் ஒன்றுகூட வராது. கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும், தேடுகிறவர் கண்ணில் மட்டும் படாது. மின்காப்பகங்களில் படங்கள் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். வட்டு பழுதாகிப் போவதைவிட இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

படத்தைப் பற்றி நாம் எழுதி வைக்கும் விவரங்களைத்தான் மெட்டாடேட்டா அல்லது மீதரவு என்கிறோம். புத்தகத்தில் எழுத்து இருப்பதால் கணினி அதற்குள்ளேயே தேடிவிடும். புகைப்படத்திலும் வரைபடத்திலும் அந்த வசதி இல்லை. பக்கத்தில் நாம் எழுதி வைத்ததைத்தான் தேடல் பார்க்கும். ஆகவே அந்த எழுத்தை எப்படி வடிவமைக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

முதலில் செய்ய வேண்டியது ஒரு பிரிப்பு. மேலே சொன்ன ஒரு படத்துக்குள் உண்மையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, படத்தில் தெரியும் கட்டடம். இரண்டு, கையில் பிடிக்கிற காகிதப் பிரிண்ட். மூன்று, அதிலிருந்து வந்த கணினிக் கோப்பு. கட்டடத்துக்கு ஒரு கட்டடக் கலைஞர் உண்டு, கட்டிய ஆண்டு உண்டு, அது இருக்கும் இடம் உண்டு. பிரிண்டுக்கு ஒரு புகைப்படக் கலைஞர், எடுத்த ஆண்டு, நீள அகலம், அது இருக்கும் பெட்டி. கோப்புக்கு ஸ்கேன் செய்தவர், ஸ்கேன் செய்த நாள், பிக்சல் அளவு. "உருவாக்கியவர்" என்ற ஒரே கட்டத்தில் இந்த மூவரையும் கொட்டினால், கட்டடக் கலைஞரின் பெயரைத் தேடுகிறவருக்கு ஸ்கேன் போட்டவரின் வேலையெல்லாம் வந்து நிற்கும்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் நகரில் நடந்த ஒரு பட்டறையில் தொடங்கியதுதான் டப்ளின் கோர் என்ற மீதரவுத் தரம். தலைப்பு, உருவாக்கியவர், தேதி, வகை, உரிமை என்று மொத்தம் 15 கூறுகள். உலகெங்கும் காப்பகங்கள் பயன்படுத்துகின்றன. அதை வகுத்தவர்களே, ஒரு பதிவு ஒரே ஒரு பொருளைத்தான் விவரிக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். மோனாலிசா ஓவியத்தின் ஜேபெக் கோப்பும் அந்த ஓவியமும் ஒன்றல்ல என்பது அவர்கள் தரும் உதாரணம். நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் 15 கட்டங்களை அப்படியே படிவமாக்கி, எல்லாவற்றையும் ஒரே பதிவில் நிரப்பிவிடுகிறார்கள். டப்ளின் கோர் மற்றக் காப்பகங்களோடு விவரம் பரிமாறிக்கொள்ள அருமையான வடிவம். ஆனால் உள்ளே நம் சொந்த அமைப்புக்கு அதை மட்டும் நம்பக்கூடாது என்பது என் கருத்து. உள்ளே மூன்று அடுக்காக வைத்துக்கொண்டு, வெளியே கொடுக்கும்போது டப்ளின் கோருக்குச் சுருக்கிக்கொள்ளலாம். ஒரே அடுக்கில் எழுதியதைப் பிற்பாடு மூன்றாகப் பிரிப்பதுதான் மகா கடினம்.

இதற்குப் பெரிய மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. கட்டடங்களுக்கு ஒரு அட்டவணை, பொருள்களுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று. மூன்று விரிதாள்கள் போதும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண். பொருளின் வரியில் அது எந்தக் கட்டடத்தைக் காட்டுகிறது என்ற எண் இருக்கும். கோப்பின் வரியில் அது எந்தப் பொருளிலிருந்து வந்தது என்ற எண் இருக்கும். அவ்வளவுதான்.

சரி, அந்த அடையாள எண்ணை எப்படிக் கொடுப்பது? பலருக்கும் முதலில் தோன்றுவது, பெயரைப் பார்த்தாலே விஷயம் தெரிய வேண்டும் என்பது. அதனால் `TownHall_North_1934.tif` என்று வைப்பார்கள். இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன, மூன்றும் மாறக்கூடியவை. கட்டடம் பிற்பாடு நூலகமாகிப் பெயர் மாறும். நிழல் விழும் பக்கத்தைப் பார்த்து, இது வடக்கு முகமல்ல, கிழக்கு முகம் என்று ஒருவர் கண்டுபிடிப்பார். 1934 என்பது பின்பக்கம் பென்சிலில் யாரோ கேள்விக்குறியோடு எழுதியது. அப்போது கோப்பின் பெயரைத் திருத்த வேண்டிவரும். திருத்தினால், அந்தப் பெயரை மேற்கோள் காட்டிய ஆய்வுக் கட்டுரை, இணைப்புக் கொடுத்த வலைத்தளம், வேறு இடத்தில் இருக்கும் நகல் எல்லாமே அறுந்துபோகும். திருத்தாவிட்டால் பொய்யான பெயரோடு கோப்பு காலம் முழுக்கச் சுற்றும்.

அதனால் எண்ணுக்கு அர்த்தமே இருக்கக் கூடாது. `0004172` என்று வரிசை எண். பெட்டி எண்ணையும் அதில் சேர்க்க வேண்டாம், பெட்டிகள் இடம் மாறும். துறையின் பெயரையும் சேர்க்க வேண்டாம், துறைகள் இணையும், பிரியும். முன்னால் சுழியங்களை நிரப்பி ஒரே நீளத்தில் வைத்தால் கணினி ஒழுங்காக அடுக்கும். கோப்பின் பெயர் இந்த எண்ணோடு இரண்டே துணுக்குகள் சேர்ந்தது: `0004172_01_m.tif` என்பது முன்பக்கத்தின் மூலக் கோப்பு, `0004172_02_m.tif` என்பது பின்பக்கம், `0004172_01_a.jpg` என்பது பார்வைக்கான சிறிய நகல். சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டால் எந்த இயங்குதளத்திலும் தகராறு வராது. இடைவெளியும் சாய்கோடும் கேள்விக்குறியும் ஒரு கணினியில் செல்லும், இன்னொன்றில் செல்லாது.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முத்திரை, பென்சில் குறிப்பு, பழைய பெட்டி எண், அச்சுக்காக வெட்டச் சொல்லிப் போட்ட கோடு எல்லாம் அங்கேதான் இருக்கும். படத்தை அடையாளம் காண இருக்கும் சாட்சியத்தில் பாதி பின்பக்கத்தில்தான்.

இப்போது அந்தப் பிரிண்டின் பதிவை முழுதாக எழுதிப் பார்ப்போம். பின்பக்கம் பென்சிலில் "டவுன் ஹால், வடக்குப் பக்கம், 1934?" என்று இருக்கிறது. ஒரு ஸ்டுடியோ முத்திரையில் 1965 என்று இருக்கிறது. படத்தை உற்றுப் பார்த்தால் வாசலில் ஒரு முன்தாழ்வாரம் தெரிகிறது. கோபுரத்தில் கடிகாரம் இல்லை, வட்டமான வெற்றிடம்தான். கட்டடத்தின் கணக்கேடுகளின்படி முன்தாழ்வாரம் 1931-இல் கட்டியது, கடிகாரம் 1936-இல் பொருத்தியது. அப்படியானால் படம் எடுத்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

```
object_id:     0004172
shows:         B0012
kind:          புகைப்பட பிரிண்ட்
size_mm:       165 x 216
inscription:   "டவுன் ஹால், வடக்குப் பக்கம், 1934?"
taken_edtf:    [1931..1936]
taken_from:    1931
taken_to:      1936
taken_basis:   முன்தாழ்வாரம் உண்டு (1931); கடிகாரம் இல்லை (1936)
printed:       1965
printed_basis: ஸ்டுடியோ முத்திரை
```

இதில் கவனிக்க வேண்டியது `inscription` வரி. படத்தில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எடுத்தெழுத வேண்டும், கேள்விக்குறி உட்பட. நம் முடிவை வேறு கட்டத்தில் எழுதுகிறோம். அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதை `taken_basis` சொல்கிறது. இப்படிப் பிரித்து வைத்தால், கடிகாரம் பொருத்தியது 1936 அல்ல, 1938 என்று பிற்பாடு ஓர் ஆவணம் வந்தால்கூட எதைத் திருத்த வேண்டும் என்று அடுத்தவருக்குத் தெரியும். மூலக் குறிப்பையும் நம் ஊகத்தையும் கலந்து "1934 வாக்கில்" என்று எழுதிவிட்டால், பென்சிலில் எழுதியவரின் நினைவு எது, நம் கணிப்பு எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

தேதி எழுதும் முறைக்கும் ஒரு தரம் இருக்கிறது. ஈடிடிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2019-இல் வந்த ஐஎஸ்ஓ 8601-2 தரத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். சந்தேகமுள்ள தேதிகளை எழுதத்தான் அது. `1934?` என்றால் உறுதியில்லை. `1934~` என்றால் ஏறத்தாழ. `193X` என்றால் 1930-களில் ஏதோ ஓர் ஆண்டு. `1931/1936` என்றால் 1931 தொடங்கி 1936 வரை நீண்ட ஒரு காலம். கட்டுமான வேலை நடந்த காலத்துக்கு அது பொருந்தும். புகைப்படமோ ஒரு கணத்தில் எடுத்தது. அதனால் "இந்த ஆண்டுகளில் ஏதோ ஒன்று" என்று சொல்லும் சதுர அடைப்பு, அதாவது `[1931..1936]`, தான் சரி. எல்லா மென்பொருளுக்கும் இந்தக் குறியீடு புரியாது. அதனால்தான் பக்கத்தில் `taken_from`, `taken_to` என்று வெறும் ஆண்டு எண்களாகவும் எழுதியிருக்கிறேன். எவ்வளவு பழைய விரிதாளும் 1930-க்கும் 1939-க்கும் இடைப்பட்டதைக் கொண்டுவா என்றால் கொண்டுவந்துவிடும்.

அடுத்தது பெயர்கள். இந்தக் கட்டடத்தை ஒருவர் டவுன் ஹால் என்பார், இன்னொருவர் நகர மண்டபம் என்பார், 1950-களுக்குப் பின் பிறந்தவர்களுக்கு அது பழைய நூலகம். ஒவ்வொரு புகைப்படத்தின் பதிவிலும் மூன்று பெயர்களையும் எழுத முயன்றால் ஒன்றில் விட்டுப்போகும், ஒன்றில் எழுத்துப்பிழை வரும். மூன்று அடுக்கின் பலன் இங்கேதான் தெரியும். கட்டடத்தின் பதிவான `B0012`-இல் மட்டும் எல்லாப் பெயர்களையும் எழுதுகிறோம், எந்தப் பெயர் எந்தக் காலத்தில் வழங்கியது என்பதோடு. படங்களின் பதிவில் `B0012` என்ற எண் மட்டும் போதும். எந்தப் பெயரைத் தட்டினாலும் எல்லாப் படங்களும் வரும். நாளைக்கு நான்காவது பெயர் ஒன்று கிடைத்தால் ஓரிடத்தில் சேர்த்தால் போதும், முந்நூறு படங்களுக்கும் அது பொருந்திவிடும்.

இடத்தை எழுதும்போது தெருப் பெயரோடு நிறுத்தாமல் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதுவது நல்லது. தெருப் பெயர் மாறும், மாவட்ட எல்லை மாறும். கட்டடம் இடிந்துபோனாலும் அது நின்ற புள்ளி மாறாது.

பொருளின் வகையை எழுதுவதற்கும் ஒரு பட்டியலை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். "போட்டோ", "புகைப்படம்", "ஃபோட்டோ பிரிண்ட்" என்று மூன்று விதமாக நிரப்பினால் கணினிக்கு அவை மூன்று வகை. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கெட்டி நிறுவனம் கலை, கட்டடக்கலைச் சொற்களுக்கு ஒரு பெரிய சொற்பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் உண்டு; புகைப்படத்துக்கு 300046300. நம் பட்டியலில் நமக்குப் பிடித்த சொல்லை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வைத்தால் வேறு மொழிக் காப்பகத்தோடு ஒருநாள் இணைக்கும்போது மொழி குறுக்கே நிற்காது.

தமிழில் விவரம் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "கொத்தளம்" என்ற சொல்லின் முதல் எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எளிய தேடல் இவற்றை வெவ்வேறு சொல்லாக நினைத்துவிடும். இதற்காகவே என்எஃப்சி என்றொரு சீராக்கும் முறை இருக்கிறது. எல்லா அட்டவணைகளையும் ஒருமுறை அதில் ஓட்டிச் சேமித்தால் இந்தத் தொல்லை தீரும். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த விவரங்கள் இருந்தால் அவற்றை யுனிகோடுக்கு மாற்றுவதை இப்போதே முடித்துவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

இனி வரைபடங்கள். புகைப்படத்துக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும், ஆனால் கூடுதலாக இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இந்த இரண்டையும்தான் பெரும்பாலான காப்பகங்கள் விட்டுவிடுகின்றன.

முதல் கேள்வி, இந்த வரைபடம் எந்த நிலையைச் சேர்ந்தது என்பது. கட்டுவதற்கு முன் முன்மொழிந்து வரைந்ததா, வேலையாட்களுக்குக் கொடுத்ததா, கட்டி முடித்தபின் உள்ளது உள்ளபடி வரைந்ததா, அல்லது பல பத்தாண்டுகள் கழித்து யாரோ நாடாவைப் பிடித்து அளந்து வரைந்ததா? நம் நகர மண்டபத்துக்கு 1887-இல் வரைந்த ஒரு தாளில் இரண்டு கோபுரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பணம் போதாமல் ஒன்றுதான் எழும்பியது. பதிவில் வெறுமனே "நகர மண்டபம், முகப்பு, 1887" என்று இருந்தால், அதைப் பார்க்கிறவர் இரண்டாவது கோபுரம் எப்போது இடிந்தது என்று தேடிக் களைத்துப்போவார். `stage: முன்மொழிவு` என்று ஒரு சொல் இருந்தால் போதும், அந்தக் குழப்பம் இல்லை. அதேபோல் 1961-இல் அளந்து வரைந்த தாளின் வரைஞர், கட்டடத்தின் கலைஞர் அல்ல; தாளின் ஆண்டும் கட்டடத்தின் ஆண்டல்ல. அடுக்குப் பிரித்து எழுதியிருந்தால் இது தானாகவே சரியாகிவிடும். தாளின் மூலையில் தலைப்புக் கட்டம் இருக்கும். அதில் திருத்த எழுத்து ஏ, பி, சி என்று இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரே எண்ணில் மூன்று திருத்தங்கள் இருப்பது சகஜம், மூன்றும் வெவ்வேறு தாள்கள்.

இரண்டாவது கேள்வி, அளவு. தாளில் 1:100 என்று எழுதியிருக்கிறது. அந்த எண் காகிதத்தில் இருக்கும்வரைதான் உண்மை. திரையில் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கும் கணத்தில் அதற்குப் பொருள் போய்விடுகிறது. அதனால் தாளின் உண்மையான அளவு மில்லிமீட்டரிலும், ஸ்கேன் அடர்த்தியும் பதிவில் இருக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 400 பிக்சல், அதாவது 400 பிபிஐ அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 15.75 பிக்சல். 1:100 வரைபடத்தில் ஒரு மீட்டர் என்பது தாளில் 10 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 157 பிக்சல். சுவரின் தடிப்பை மறுசீரமைப்புப் பொறியாளர் திரையிலேயே எண்ணிக்கொள்ளலாம். ஆனால் பல மென்பொருள்கள் கோப்பை மறுபடி சேமிக்கும்போது இந்த அடர்த்தி எண்ணை அழித்துவிட்டு 72 என்று போட்டுவிடும். படம் கெடாது, அளவு மட்டும் போய்விடும். இதற்குப் பாதுகாப்பு மிக எளியது: தாளின் ஓரத்தில் ஒரு அளவுகோலை வைத்து அதோடு சேர்த்து ஸ்கேன் செய்வது. படத்துக்குள்ளேயே இருப்பதை எந்த மென்பொருளும் அழிக்காது. டிரேசிங் துணியும் பழைய காகிதமும் காலப்போக்கில் சுருங்கும் என்பதால், தாளிலேயே வரைந்த அளவுக்கோடு இருந்தால் அதை வெட்டிவிடாமல் முழுதாக எடுக்க வேண்டும். காகிதத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கும், எனவே அதை வைத்து அளந்தால் கணக்கு பெருமளவு சரியாக வரும்.

வரைபடங்களையும் புகைப்படங்களையும் வேறு வேறு காப்பகமாகப் பிரிக்காதீர்கள். அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய ஹாப்ஸ் என்ற வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பு, ஒரு கட்டடத்தின் அளந்து வரைந்த படங்கள், பெரிய நெகட்டிவ் புகைப்படங்கள், எழுத்து வரலாறு ஆகிய மூன்றையும் ஒரே கட்டடப் பதிவின் கீழ் வைத்தது. அவை இன்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, கட்டடத்தைத் தேடினால் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. நம்முடைய `B0012` செய்வதும் அதே வேலைதான்.

கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலக் கோப்பு சுருக்கம் செய்யாத டிஃப்பாக இருக்கட்டும். அந்த வடிவத்தின் 6.0 பதிப்பு 1992-இல் வந்தது, இன்றும் பெரும்பாலான பட மென்பொருள்கள் திறக்கின்றன. அளவு பெரியதுதான்: 594 x 841 மில்லிமீட்டர் உள்ள ஒரு ஏ1 தாளை 400 பிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால் சுமார் 12.4 கோடி பிக்சல், கோப்பு ஏறத்தாழ 370 எம்பி. பார்வைக்கு ஜேபெக் நகல் போதும், மூலத்தைத் தினசரி யாரும் தொட வேண்டாம்.

கோப்புக்குள்ளேயும் விவரம் எழுத முடியும். அதை எக்ஸ்எம்பி என்பார்கள். எல்லா விவரத்தையும் உள்ளே எழுதி, அட்டவணையே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு முறை ஆண்டைத் திருத்தும்போதும் மூலக் கோப்பையே மாற்ற வேண்டிவரும். தவிர, சமூக வலைத்தளங்களில் ஏற்றும்போதோ வலைக்காகச் சிறிதாக்கும்போதோ இந்த விவரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உள்ளே எழுத வேண்டியது அடையாள எண் ஒன்றுதான். கோப்பு வழிதவறி எங்காவது கிடைத்தால், அது எந்தப் பதிவைச் சேர்ந்தது என்று சொல்ல அது போதும். அதை எழுதியபின் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் கணக்கிட வேண்டும். செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண். உள்ளே ஒரு பிட் மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும்.

```
exiftool -XMP-dc:Identifier=0004172 data/0004172_01_m.tif
sha256sum data/*.tif > manifest-sha256.txt
sha256sum -c manifest-sha256.txt
```

முதல் வரி எண்ணைக் கோப்புக்குள் எழுதுகிறது, இரண்டாவது வரி செக்சங்களைப் பட்டியலாக்குகிறது. வரிசை முக்கியம். செக்சத்தை முதலில் எடுத்துவிட்டு எண்ணைப் பிறகு எழுதினால், சோதனையில் எல்லாக் கோப்பும் கெட்டுப்போனதாகக் காட்டும். மூன்றாவது வரிதான் அந்தச் சோதனை. நகல் எடுத்த ஒவ்வொரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை ஓட்ட வேண்டும். `data` கோப்புறை, அதற்கு வெளியே செக்சப் பட்டியல் என்ற இந்த அமைப்பு பேகிட் என்ற தரத்திலிருந்து வந்தது. மூன்று நகல்கள் வைத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் வைத்தால், ஒன்றில் செக்சம் பிசகும்போது மற்றொன்றிலிருந்து மீட்கலாம். செக்சம் இல்லாமல் மூன்று நகல் இருந்தால், மூன்றில் எது கெட்டது என்று தெரியாமல் கெட்டதையே நல்லதன்மேல் எழுதிவிடும் ஆபத்து உண்டு.

உரிமைக்கும் ஒரு கட்டம் வேண்டும். பிரிண்டைக் கொடுத்தவர் காகிதத்தின் சொந்தக்காரர். படத்தின் பதிப்புரிமை புகைப்படக் கலைஞரிடமோ அவர் வாரிசுகளிடமோ இருக்கலாம். யார், எந்த நாளில், எதற்கு அனுமதி கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். இதை விட்டுவிட்டால் பிற்காலத்தில் அஞ்சி யாரும் படத்தை வெளியே காட்டமாட்டார்கள்.

இத்தனையும் எல்லாப் படத்துக்கும் எழுத முடியுமா? முடியாது, எழுதவும் வேண்டாம். பத்தாயிரம் படங்கள் இருந்தால் முதல் சுற்றில் அடையாள எண், வகை, எந்தக் கட்டடம், ஆண்டு எல்லை, படத்தில் எழுதியிருப்பது, பெட்டி, உரிமை நிலை ஆகியவை போதும். ஆண்டு தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால், பார்த்தும் தெரியவில்லையா அல்லது இன்னும் யாரும் பார்க்கவில்லையா என்பது தெரியாது. "பார்த்தோம், தெரியவில்லை" என்று எழுதினால் அடுத்தவரின் நேரம் மிச்சம்.

அமைப்பு சரியாக இருக்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இது. காப்பகத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் பெட்டியிலிருந்து பத்துப் படங்களைக் காட்டுங்கள். அவர் மனதில் தோன்றும் சொல்லைக் கொண்டு கணினியில் அவற்றைத் தேடச் சொல்லுங்கள். அவர் தட்டும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காமல் போனவற்றில் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: அவர் சொன்ன பெயர் கட்டடப் பதிவில் இல்லை, அல்லது ஆண்டு தவறான அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது, அல்லது வகைப் பட்டியலில் ஒரே பொருளுக்கு இரண்டு சொல். மூன்றும் திருத்தக்கூடியவை.

இன்னொரு சோதனை மென்பொருளைப் பற்றியது. பிபிசி 1986-இல் பிரிட்டன் முழுதும் மக்களிடமிருந்து படங்களையும் குறிப்புகளையும் திரட்டி, டோம்ஸ்டே என்ற பெயரில் லேசர் வட்டுகளில் வெளியிட்டது. அந்த வட்டைப் படிக்கும் கருவியும் கணினியும் அரிதாகிப்போக, சுமார் 15 ஆண்டுகளிலேயே அதைத் திறப்பது பெரும்பாடாகிவிட்டது. நாம் இன்று பயன்படுத்தும் காப்பக மென்பொருளும் ஒருநாள் போகும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று அட்டவணைகளையும் யுடிஎஃப்-8 எழுத்தில் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்புகளாக வெளியே எடுங்கள். அந்த மென்பொருள் இல்லாத ஒரு கணினியில் அவற்றைத் திறந்து, `0004172` எந்தக் கட்டடத்தைக் காட்டுகிறது, அதன் கோப்பு எது என்று கையாலேயே தேடிப் பாருங்கள். வழியில் எங்காவது தடைபட்டால், அந்த இணைப்பு மென்பொருளுக்குள் மட்டும் இருக்கிறது என்று பொருள். அதை ஒரு நெடுவரிசையாக வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அட்டவணைகளோடு `README.txt` என்று ஒரு கோப்பும் இருக்கட்டும். `taken_from` என்றால் என்ன, `stage`-இல் என்னென்ன சொற்கள் வரலாம், கோப்புப் பெயரில் `m` எதைக் குறிக்கிறது என்று அதில் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். அதையே காகிதத்தில் அச்செடுத்து, மூலப் பிரிண்டுகள் இருக்கும் அலமாரியிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.